வெர்னியர் போட்டோவில் 17.95ஆ 16.95ஆ? பேரிங் வாங்க வேண்டும், உதவுங்கள்

கிணத்துமேடு: ஊரில் தண்ணி மோட்டாரைப் பிரித்துப் பேரிங்கைக் கழற்றியாச்சு, அதன் மேல் இருந்த நம்பர் துருவில் போய்விட்டது. நான் டவுனில் இருக்கிறேன், தம்பி ஷாஃப்ட்டை வெர்னியரில் பிடித்து போட்டோ அனுப்பியிருக்கிறான். 0.05 என்று பொறித்த வெர்னியர். அதன் 0 கோடு மேலே 17க்கு மயிரிழை இடப்பக்கம் நிற்கிறது. பொருந்துகிற கோடு 9க்கும் 10க்கும் நடுவில் உள்ள சின்னக் கோடா, இல்லை 10ஆ என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரிக்க முடியவில்லை. தம்பி 17.95 என்கிறான். கடையில் 18க்குப் பேரிங் இல்லை, 17 இல்லாவிட்டால் 20 என்கிறார்கள். எனக்கு 0.1 வரை சரியாகத் தெரிந்தால் போதும்.

லேப்_டீச்சர்: தம்பி செய்த தப்பை வருடா வருடம் செய்முறைத் தேர்வில் பார்க்கிறேன். 0 எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, எதைத் தாண்டியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். 17ஐ இன்னும் தொடவில்லையே, அப்போது 16தான். சின்னக் கோடு பொருந்தினால் 16.95. போட்டோ எப்படி எடுத்தாலும் பொருந்துகிற கோடு மாறாது, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரவுண்டானா: என் டிஜிட்டல் வெர்னியரிலும் இப்படித்தான் எண் குதித்துக்கொண்டே இருந்தது, பேட்டரி மாற்றினேன், சரியானது.

கிணத்துமேடு: இது கோடு பார்க்கிற வெர்னியர் அண்ணே, பேட்டரியே கிடையாது.

லேத்_பட்டறை: டீச்சர் சொன்ன 16 சரி. ஆனால் போட்டோவில் கோடு மாறத்தான் செய்யும். வெர்னியர் தகட்டின் விளிம்பு மெயின் ஸ்கேலை விடக் கொஞ்சம் மேலே நிற்கிறது, 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போட்டோவில் 0 கோடுதான் நடுவில் இருக்கிறது, அதாவது லென்ஸ் அதற்கு நேர் மேலே. 9.5 கோடு அங்கிருந்து 37 மி.மீ. வலப்பக்கம். போனை 15 செ.மீ. உயரத்தில் பிடித்திருந்தால் அந்தக் கோடு இருக்க வேண்டிய இடத்தை விட 0.07 மி.மீ. வலப்பக்கம் தள்ளித் தெரியும். உங்களுக்கு வேண்டிய 0.1இல் முக்கால்வாசி அங்கேயே போய்விடுகிறது.

இதற்கு உங்கள் போட்டோவிலேயே சாட்சி இருக்கிறது. 10 கோடு நிஜமாகப் பொருந்தினால் 0 கோடும் ஒரு மி.மீ. கோட்டின் மேல் அச்சாக உட்கார வேண்டும். உங்களுக்கு 0 தள்ளி நிற்கிறது, 10 பொருந்துகிற மாதிரி தெரிகிறது, இரண்டும் ஒன்றாக நடக்காது.

தம்பியிடம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை 9க்குப் பக்கம் நடுவில் வர வேண்டும், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஜூம் செய்யட்டும். பொருந்துகிற கோட்டின் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள், இரண்டும் அதன் பக்கமாக ஒரே அளவு ஒதுங்கியிருந்தால் அதுதான் கோடு. அதற்கு நேரே மேலே எத்தனையாவது மி.மீ. என்பதையும் எழுதுங்கள்.

லேப்_டீச்சர்: ஒப்புக்கொள்கிறேன். லேபில் கண்ணை அந்தந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பார்க்கிறோம், போனுக்கு ஒரே இடம்தான் என்பதை யோசிக்கவில்லை. சுழிப்பிழை பார்த்தீர்களா?

கிணத்துமேடு: புதுப் படம் வந்தது. இப்போது சந்தேகமே இல்லை, 9 கோடு பொருந்துகிறது, பக்கத்துக் கோடுகள் இரண்டும் சமமாக உள்ளே ஒதுங்கியிருக்கின்றன. மேலே 52.

லேத்_பட்டறை: அந்த 52ஐ வைத்தே சரிபார்க்கலாம். உங்கள் வெர்னியரில் 20 பிரிவுக்கு 39 மி.மீ., ஒரு பிரிவு 1.95. 9 என்று எண் போட்ட கோடு 18ஆவது, 18 பிரிவு 35.1. 52இல் அதைக் கழித்தால் 16.9. தம்பி சொன்ன மாதிரி 17 கணக்கு என்றால் அங்கே 53 இருந்திருக்கும்.

17 துளை என்றால் பேரிங் 6203, வெளிவிட்டம் 40, அகலம் 12. பழைய பேரிங்கை அளந்தால் உறுதியாகிவிடும். ஆனால் எனக்குக் கவலை அந்த 0.1 தேய்மானம்தான். உள்வளையம் ஷாஃப்ட்டில் சுற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன், புதுப் பேரிங்கும் பிடிக்காமல் சுற்றும்.

கிணத்துமேடு: பழைய பேரிங் வெளியே 40, அகலம் 12, சரியாக வருகிறது. சுழிப்பிழைக்காகத் தாடையை மூடி எடுக்கச் சொன்னேன், 0 சரியாகத்தான் நிற்கிறது, ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் மட்டும் கீற்றாகத் தெரிகிறதாம். தம்பி ஷாஃப்ட்டை நுனியில்தான் பிடித்திருக்கிறான்.

லேத்_பட்டறை: அப்போது நுனி தேய்ந்திருக்கிறது, அங்கே பிடித்தால் அளவு குறைவாகக் காட்டும். ஷாஃப்ட்டே தேயாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. தாடையின் உள்பக்கம், ஸ்கேலுக்கு ஒட்டிப் பிடித்து மூன்றாவது படம் எடுங்கள், இல்லையென்றால் பக்கத்து லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். அதுவரை ஷாஃப்ட்டில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள்.

கிணத்துமேடு: 6203 வாங்கிவிட்டேன். ஷாஃப்ட்டை நாளைக்குப் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.