கோட்டையூரில் புது டியூஷன் சென்டர்: நோட்டீஸா, சுவரா, பேஸ்புக்கா?

புதுவரவு_ஜூன்
கோட்டையூரில் ஜூனில் டியூஷன் ஆரம்பிக்கிறோம், 6 முதல் 10 வரை. விளம்பரத்துக்கு 20,000 ரூபாய் இருக்கு. தெருமுனையில் ஒரு பெரிய செட்டியார் வீட்டுச் சுவர் 60 அடி நீளத்துக்குச் சும்மா கிடக்கு. பணத்தைச் சுவரில் போடலாமா, நோட்டீசா, பேஸ்புக்கா?

ரீச்_ராஜா
தம்பி, நோட்டீஸை எல்லாம் எவன் படிக்கிறான்? கடலை மடிக்கத்தான் ஆகும். 12,000 ரூபாயை பேஸ்புக், இன்ஸ்டாவில் போடுங்க. பேஸ்புக் பக்கத்தில் ஒரு போஸ்ட் போட்டு அதுக்குக் கீழே இருக்கிற பூஸ்ட் பட்டனை அழுத்தினாலே போதும். வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேரைப் பிராட்காஸ்ட் லிஸ்டில் சேர்த்து தினம் ஒரு மெசேஜ் தட்டுங்க. மிச்சப் பணத்தில் அந்தச் சுவரை எழுதிடுங்க, ஒரு தடவை எழுதினா மூணு வருஷம் நிக்கும்.

சுண்ணாம்புக்காரை
மூணு வருஷமா? எந்தச் சுவரில் எழுதுறோம்னு பார்க்காம வருஷக்கணக்கு சொல்லக்கூடாது அண்ணே.

புதுவரவு, முதல்ல அந்தச் சுவர்கிட்ட போய் உள்ளங்கையை அழுத்தி ஒரு இழுப்பு இழுங்க. கை வெள்ளையானா அது சுண்ணாம்பு அடிச்ச சுவர், வருஷாவருஷம் அடுக்கடுக்கா ஏறியிருக்கும். அதுமேல எமல்ஷன் அடிச்சா பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்புத் தூளைத்தான் பிடிக்கும். ஐப்பசி மழை நாலு நாள் அடிச்சதும் அப்பளம் மாதிரி எழும்பி, எழுத்தோட சேர்ந்து உரிஞ்சு விழும்.

கை வெள்ளையாகலைன்னா அடுத்து தரையிலிருந்து மூணடி உயரம் வரைக்கும் பாருங்க. வெள்ளையா உப்புப் பூத்திருக்கா? பழைய செங்கல் தரை ஈரத்தை உறிஞ்சி மேல ஏத்தும். ஈரம் காயும்போது உப்பு வெளிய வந்து பெயிண்டைத் தள்ளும். சந்தேகமா இருந்தா ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுட்டு காலையில் உரிச்சுப் பாருங்க. தாளோட உள்பக்கம் வேர்த்திருந்தா அந்த இடத்தில் எழுதாதீங்க. நாலடிக்கு மேல எழுதினா ஈரத்திலிருந்து தப்பிக்கலாம்.

இன்னொண்ணு. நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்ச்ச காரை இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினாத்தான் பெயிண்ட் ஒட்டும். அப்படிச் செய்தா நூறு வருஷ வேலை போச்சு, திரும்ப வராது. பளபளன்னு இருந்தா கை வைக்காதீங்க.

அச்சுக்கூடம்
சுவர் ஆளு சொன்னது சரி, ஆனா முதல் கேள்வியே சுவர் யாருதுங்கிறது. வீட்டைப் பார்த்துக்கிறவர் 'எழுதிக்கங்க தம்பி'ன்னு சொல்வார். அவர் உரிமையாளர் இல்லை. பெரிய வீடுன்னா பங்குக்காரங்க அஞ்சாறு பேர், சென்னையில ரெண்டு, சிங்கப்பூர்ல ஒண்ணுன்னு இருப்பாங்க. சாமி கும்பிட ஊருக்கு வர்றப்போ பார்த்துட்டு ஒருத்தர் கோபப்பட்டாப் போதும், வெள்ளையடிச்சு அழிக்கிற செலவும் உங்க தலையில்தான். உரிமையாளரோட எழுத்து ஒப்புதல் இல்லாம எழுதினா, பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்கிற 1959-ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கு. எத்தனை அடி, எத்தனை மாசம், யார் அழிக்கணும்னு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

இதெல்லாம் ஜூனுக்குள்ள முடியற கதையா? நோட்டீஸ் ரெண்டு நாளில் கையில் இருக்கும். டெம்மி 1/8 அளவு, மஞ்சள் தாள், கறுப்பு மை ஒரு கலர் போதும். ஆர்ட் பேப்பர் வழவழன்னு இருக்கிறதால நியூஸ்பேப்பருக்குள்ள செருகினா வழுக்கி வாசல்லயே விழுந்துரும். கலர் தாளில் போட்டோ போடாதீங்க, முகம் சேறு பூசின மாதிரி வரும்.

பிளேட் செலவு ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் ஒண்ணுதான், அதனால 'ஐயாயிரமா அடிச்சா விலை குறையும்'னு எல்லா பிரஸ்ஸிலும் ஆசை காட்டுவாங்க. உங்களுக்கு ஆயிரம் போதும். ப்ரூஃப் வந்ததும், மனப்பாடமா இருக்கிற நம்பரை நம்பாம, ப்ரூஃபைப் பார்த்தே ஒவ்வொரு எண்ணா டயல் பண்ணி உங்க போன் அடிக்குதான்னு பாருங்க. நோட்டீஸ்ல வர்ற தப்பில் பாதி அந்தப் பத்து எண்ணுக்குள்ளதான்.

அடிச்சதை பேப்பர் ஏஜென்ட்கிட்ட கொடுத்துச் செருகிடுங்க.

சுண்ணாம்புக்காரை
அச்சுக்கூடம் அண்ணே, அங்கதான் கணக்கு உதைக்குது. வேற ஊருக்குச் சரி. கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் பாதி வீடு பூட்டிக் கிடக்கு. திறந்திருக்கிற வீட்டில் பேப்பர் வாங்குறது பெரும்பாலும் ஆச்சியும் ஐயாவும். பேரப்பிள்ளைங்க எல்லாம் வெளியூர். டியூஷனுக்குப் பிள்ளை அனுப்புற வீட்டில் பேப்பரே வாங்க மாட்டாங்க, போன்லயே பார்த்துக்குவாங்க.

அச்சுக்கூடம்
சரி, அது நியாயம். அப்போ கையில கொடுங்க. ஆனா தெருவுக்கு ஒரு பையனை விட்டு எல்லாக் கேட்டிலும் செருகச் சொன்னா பூட்டின வீட்டுத் திண்ணையில் கத்தை கத்தையாக் கிடக்கும். சாயந்திரம் 5 மணிக்கு மேல நடந்து பார்த்துக் கொடுக்கணும். கொடியில் யூனிஃபார்ம் காயுதா, திண்ணையோரம் சின்ன சைக்கிள் நிக்குதா, அந்த வீடுதான் கணக்கு. பள்ளிக்கூட வாசல்ல பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க, அடுத்த நிமிஷம் ராக்கெட்டாப் பறக்கும். வண்டியில் காத்திருக்கிற அப்பா அம்மாகிட்ட கொடுங்க.

கண்டனூர்_அம்மா
இங்கே ஹிந்தி சொல்லித் தருவீங்களா தம்பி? என் பொண்ணு எட்டாவது. எத்தனை மணிக்கு விடுவீங்க? பஸ் ஸ்டாப்பிலிருந்து வர்ற சந்தில் லைட் எரியுமா? பொம்பளை டீச்சர் இருக்காங்களா?

ரீச்_ராஜா
அக்கா, இது விளம்பரம் பத்தின பேச்சு, அட்மிஷன் இல்லை :)

அச்சுக்கூடம்
சிரிக்காதீங்க. நோட்டீஸ்ல என்ன எழுதணும்கிறதை அந்தம்மாதான் சொல்லியிருக்காங்க. எந்த வகுப்பு, என்ன பாடம், எத்தனை மணிக்கு விடும், ஒரு பேட்சில் எத்தனை பேர், எந்தக் கோயிலுக்கு எதிர்ச் சந்து. நோட்டீஸ் எழுதுறவங்க இதையெல்லாம் விட்டுட்டு 'கல்விக் கண் திறக்க வாரீர்'னு அரைப் பக்கம் போடுவாங்க.

'100% தேர்ச்சி உறுதி'ன்னு போடவே கூடாது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரத்துக்கு வழிகாட்டுதல் போட்டிருக்கு. அது 50 பேருக்கு மேல படிக்கிற இடத்துக்குத்தான். ஆனா பொய் விளம்பரத்துக்கு எதிரான 2019 நுகர்வோர் சட்டம் எல்லாருக்கும் பொது. இன்னும் ஒரு பேட்ச் கூடப் பரீட்சை எழுதாத சென்டருக்குத் தேர்ச்சி சதவீதம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆசிரியர் பேரையும் போட்டுராதீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28-ல ஆசிரியர் தனியா டியூஷன் எடுக்கவே தடை. நோட்டீஸே சாட்சியாப் போயிரும்.

கரைவேட்டி_மெட்டா
ராஜா அண்ணன் சொன்னதில் ரெண்டைத் திருத்திக்கிறேன். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்ணில் 256 பேர்தான் போடலாம், அதிலும் உங்க நம்பரைத் தன் போன்ல சேவ் பண்ணினவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். புது சென்டர் நம்பரை எவர் சேவ் பண்ணியிருப்பார்? ஆயிரம் பேருக்கு அனுப்பினேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, பத்துப் பேருக்குத்தான் போயிருக்கும். வந்து விசாரிச்சவங்ககிட்ட 'நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க'ன்னு அங்கேயே பண்ண வைக்கிறதுதான் வழி.

ரெண்டாவது, பூஸ்ட் பட்டன். அதில் இலக்கை மாத்தாம விட்டா பெரும்பாலும் லைக் போடுற ஆளைத் தேடித்தான் காட்டும். லைக் போட்டவர் பிள்ளையை அனுப்புவார்னு என்ன நிச்சயம்? ஆட்ஸ் மேனேஜரில் வாட்ஸ்அப் மெசேஜ் வர்ற மாதிரி இலக்கைத் தேர்ந்து, வரைபடத்தில் உங்க தெருவில் பின் குத்தி, சுற்றளவைக் குறைஞ்சபட்சத்துக்குக் கொண்டு வாங்க. ஊர்ப் பேரைத் தட்டினா காரைக்குடி தாண்டியும் போயிரும்.

இன்னொரு சிக்கல். அந்த வட்டத்துக்குள்ள சமீபத்தில் இருந்தவங்களுக்கும் விளம்பரம் போகும். மே மாசத்தில் கல்யாணம், சாமிக்குப் படைப்புன்னு சென்னை, கோயம்புத்தூர் ஆளுங்க வந்து நிறைஞ்சிருப்பாங்க. உங்க காசு அவங்க போன்லயும் கரையும். அதனால ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சுப் பத்து நாள் ஓட்டுங்க. அதுக்கு மேல வேண்டாம், அதே கொஞ்சம் பேருக்கே திரும்பத் திரும்பக் காட்டும்.

எது பலிக்குதுன்னு தெரிய லிங்க்கைப் பிரிச்சு வையுங்க:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=N
https://wa.me/91XXXXXXXXXX?text=F
```

N லிங்க்கை க்யூஆர் ஆக்கி நோட்டீஸில், F பேஸ்புக்கில். வர்ற மெசேஜில் அந்த எழுத்து தானா நிக்கும். க்யூஆர் ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாம, சுத்தி வெறும் இடம் விட்டு அச்சடிக்கணும். மஞ்சள் தாள்ல ஸ்கேன் ஆகும், அடர் பச்சையில் திணறும்.

ரீச்_ராஜா
256 மேட்டர் ஒத்துக்கிறேன். ஆனா நோட்டீஸ் ஒரு நாள் பேச்சு. சுவரும் வேண்டாம்னா சென்டர் பேரை ஊர் எப்படி ஞாபகம் வச்சுக்கும்?

சுண்ணாம்புக்காரை
சுவரே வேண்டாம்னு நான் சொல்லலையே. சிமெண்ட் பூச்சு உள்ள காம்பவுண்ட் சுவர் கிடைச்சா எழுதுங்க, ஆனா 60 அடி எதுக்கு? 40 வேகத்தில் வர்ற வண்டி மூணு செகண்டில் நூறடிக்கு மேல தாண்டிரும். அதுக்குள்ள அஞ்சாறு வார்த்தைதான் கண்ணில் ஏறும். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம்னு எழுத்துக் கணக்கு வைங்க, நூறடியில் படிக்க பத்து அங்குலம். தமிழ் எழுத்துக்கு மேல கொக்கியும் கீழ சுழியும் வரும், வரிக்கு வரி அரை எழுத்து உயரம் இடைவெளி விடலேன்னா 'டு'வும் 'டி'யும் இடிச்சுக்கும். வகுப்பு, பேர், போன் நம்பர் மூணு வரி, பன்னிரண்டுக்கு நாலு அடி இடம் போதும்.

அச்சுக்கூடம்
போன் நம்பரைச் சுவரில் போட்டு என்ன பிரயோஜனம்? ஓடுற வண்டியில் யார் எழுதிக்குவா?

சுண்ணாம்புக்காரை
நின்னு பார்க்கிறவங்களுக்கு. டீக்கடை எதிர்ச் சுவர்னா போடுங்க, ரோட்டுச் சுவர்னா எடுத்துருங்க. இதில் நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகாது.

புதுவரவு_ஜூன்
இப்பதான் போய்ச் சுவரை இழுத்துப் பார்த்துட்டு வந்தேன். கை முழங்கை வரைக்கும் வெள்ளை. வீட்டைப் பார்த்துக்கிறவர் பங்குக்காரங்க ஏழு பேர்னு சொன்னார். சுவரை விட்டாச்சு. ஆயிரம் நோட்டீஸ், பத்து நாள் விளம்பரம், மிச்சத்தில் எங்க கேட்டிலேயே ஒரு தகர போர்டு. கண்டனூர் அம்மா, எட்டு மணிக்கு விடுவோம், ஹிந்தி இல்லை. சந்து லைட் ரெண்டு மாசமா எரியலை, நாளைக்கு மனு கொடுக்கிறேன்.

கண்டனூர்_அம்மா
லைட் எரிஞ்சதும் சொல்லுங்க தம்பி. கணக்காவது போடட்டும்.

ரீச்_ராஜா
போர்டில் ஃபீஸ் போடுவீங்களா, மாட்டீங்களா?

அச்சுக்கூடம்
போடக்கூடாது. கேட்க வரட்டும்.

கரைவேட்டி_மெட்டா
போடணும். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் வர மாட்டாங்க.