மயஸ்தீனியா உள்ள அப்பாவுக்கு முகத்துடிப்பு: ஊசி போட முடியவில்லை, உதவுங்கள்

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு வயது 61. இரண்டு ஆண்டுகளாக மயஸ்தீனியா. நரம்பு அனுப்பும் அசிடைல்கோலினை வாங்கும் தசை ஏற்பிகளை அவர் உடலின் எதிர்ப்பொருள்களே அழிக்கின்றன. காலையில் நாற்றுக்கட்டு தூக்குபவருக்குச் சாயங்காலம் இமை சரிந்து பாதிக் கண்ணை மறைத்துவிடுகிறது. பிரிடோஸ்டிக்மின் 60 மி.கி. தினமும் நான்கு வேளை சாப்பிடுகிறார்.

ஆறு மாதமாக இடது கன்னமும் துடிக்கிறது. ஸ்கேனில் ரத்தக்குழாய் ஒன்று முக நரம்பை அழுத்துவது தெரிந்தது. கார்பமசெபின் நான்கு வாரம் கொடுத்தும் பலனில்லை. துடிப்பை அடக்கப் போடும் போட்டுலினம் ஊசி நரம்பு முனையில் அசிடைல்கோலின் வெளிவருவதையே தடுக்கும். வாங்கும் இடம் குறைந்தவருக்கு வரத்தும் குறைந்தால் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் பாதிக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் மறுத்துவிட்டார்.

மயஸ்தீனியாவோடு அந்த ரத்தக்குழாயை விலக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இங்கே இருந்தால், மயக்க மருந்துக்குப் பின் மூச்சு சீராக எத்தனை நாள் ஆயிற்று?