முதல் இடத்து விளக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆய்வு மாணவி, ஜூரோங்
சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறேன். பூக்குழி போன்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் அங்கேயே பொருள் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்த விளக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 'குறிப்பு' என்றால் பக்கத்தின் அடியில் தேடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், உட்லண்ட்ஸ்
'ஒலிபெயர்ப்புக் குறிப்பு' போதுமே. காதில் விழுகிறபடி pookuzhi என்று எழுதி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர், தோ பாயோ
கடைசிவரை ஒரே எழுத்து என்பது சரி. ஆனால் இது ஒலிபெயர்ப்பு இல்லை, எழுத்துப்பெயர்ப்பு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) முறையில் ழகரம் ḻ, ளகரம் ḷ. அடிக்கோட்டையும் புள்ளியையும் விட்டுவிட்டால் குழியும் குளியும் kuli என்றே நிற்கும். முதல் இடத்தில் இப்படி எழுதுங்கள் அம்மா:

```
pūkkuḻi (பூக்குழி, "flower pit"), the bed of embers
```

நேர்ப்பொருளை மட்டும் சொன்னால் படிப்பவர் பூந்தோட்டத்தை நினைப்பார். தணலைப் பூ என்று சொல்லும் வழக்கம் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். அப்புறம் விளக்கம் வேண்டாம், pūkkuḻi மட்டும் போதும். மறந்தவருக்குப் பின்னால் சொற்பட்டியல் இருக்கட்டும்.

ஒரு தந்தை, செங்காங்
என் மகன் பெயரில் வரும் 'தமிழ்' பாஸ்போர்ட்டில் Tamil என்றும், பள்ளியில் Thamizh என்றும் இருக்கிறது. எதை மாற்றுவது?

நூலகர்
அது வேறு விஷயம், தம்பி. ஆட்பெயரும் கோயில் பெயரும் அவரவர் எழுதுகிறபடிதான் ஆய்வேட்டிலும் வரும். Sri Mariamman Temple என்பதில் யாரும் கோடு போடுவதில்லை.

மாணவிக்கு இன்னொன்று. ḻ கணினியில் இரண்டு விதமாக இருக்கும்: ஒரே குறியாக U+1E3B, அல்லது l-உடன் U+0331 சேர்ந்து. கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் தேடும்போது ஒன்று அகப்படாமல் போகலாம், பட்டியலிலும் தள்ளி நிற்கலாம். வேறு கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டும்போதுதான் இது நுழையும். சமர்ப்பிக்கும் முன் kuli, kuzhi இரண்டையும் தேடிப் பாருங்கள். கோடு விட்டுப்போனவையும் zh என்று எழுதியவையும் தெரிந்துவிடும். l-உடன் U+0331 சேர்ந்த வடிவத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

பெயருக்கு வருகிறேன். 'முதல்வரவு விளக்கம்' எப்படி?

மொழிபெயர்ப்பாளர்
எழுத்துப்பெயர்ப்பு விஷயத்தை ஏற்கிறேன், ஐயா. பெயர்தான் நீளம். 'வரவுவிளக்கம்' என்றால் நாவில் நிற்கும்.

மாணவி
'வரவு' என்றதும் செலவுக் கணக்கு நினைவுக்கு வருகிறது, அண்ணா. இப்போதைக்கு 'முதல்வரவு விளக்கம்' என்றே எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: பேட்டி கொடுத்த பாட்டி 'பூக்குளி' என்றுதான் சொன்னார். மேற்கோளில் எதை எழுதுவது?

நூலகர்
pūkkuḻi என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சொல் என்று நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்
இதில் நான் உடன்படவில்லை. பாட்டி சொன்னதுதான் தரவு, அதைத் திருத்தக் கூடாது. மேற்கோளில் pūkkuḷi என்று விட்டு, பக்கத்தில் ஒரு வரி சொல்லுங்கள்.