நான்கு மின்துகள்களைச் சேர்க்கும் வேலை: 1.95 ஜூலா, 3.9 ஜூலா?

வணக்கம். மகளுக்கு பிளஸ் டூ இயற்பியல் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில், தலா +2 மைக்ரோகூலும் உள்ள நான்கு புள்ளி மின்துகள்களை ஒவ்வொன்றாக முடிவிலியிலிருந்து கொண்டுவர வேண்டும். மொத்த வேலை எவ்வளவு?

முதல் துகளுக்கு வேலையே இல்லை. அங்கே தள்ளுவதற்கு யாரும் இல்லை. பக்கத்து மூலைக்கு வரும் இரண்டாவதுக்கு kq²/a, அதாவது 0.36 ஜூல். மூன்றாவதுக்கு ஒரு பக்கம், ஒரு மூலைவிட்டம்: 0.36 + 0.255 = 0.615. நான்காவதுக்கு இரண்டு பக்கம், ஒரு மூலைவிட்டம்: 0.975. கூட்டினால் 1.95 ஜூல். எதிரெதிர் மூலைகளை முதலில் நிரப்பிப் பார்த்தேன், அப்போதும் அதேதான்.

ஆனால் பயிற்சித்தாளின் விடை 3.9. கடைசியில் ஒவ்வொரு மூலையிலும் உள்ள மின்னழுத்தத்தை மின்னூட்டத்தால் பெருக்கி, நான்கையும் கூட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முதல் துகள் வந்தபோது இல்லாத மூன்று துகள்களும் அதன் கணக்கில் ஏறிவிடுகின்றன. இருப்பதே ஆறு ஜோடிதான். ஒவ்வொன்றும் இரண்டு முறை எண்ணப்படுகிறது. அதனால் பாதியாக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இது சரியா? அப்புறம் மகளின் கேள்வி: நான்காவது வரும்போது மற்ற மூன்றையும் நகராமல் பிடித்திருக்கிறோமே, அந்த விசை வேலை செய்யாதா? இடப்பெயர்ச்சி இல்லை, அதனால் சுழியம் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. எப்படி விளக்கலாம், சொல்லுங்களேன்.