நாலாவது காயை வெட்டுவதா, பூட்டுவதா?

கோண்டாவில் பெடியன்

ஒன்பது காய் ஆட்டத்தில் ஒரு சந்தேகம். என்னிடம் ஆறு சோகி, மச்சானிடம் நாலு புளியங்கொட்டை, என் முறை. d2-இல் இருந்த காயை d3-க்கு நகர்த்தி மில் கட்டி c5-ஐ வெட்டினேன். மூன்று காயோடு பறக்கத் தொடங்கியவன் கடைசியில் வென்றும் விட்டான். ஆறுக்கு மூன்று இருந்தும் எப்படித் தோற்றேன்? வெட்டாமல் விட்டிருக்க வேண்டுமா? வெட்டுவதற்கு முன் பலகை இப்படி இருந்தது (o நான், x அவன், எழுத்தும் இலக்கமும் போன் ஆப்பில் வருகிற மாதிரி):

```
7  . - - . - - .
6  | . - . - . |
5  | | x o . | |
4  o . .   . . o
3  | | o . o | |
2  | . - o - . |
1  x - - x - - x
   a b c d e f g
```

பருத்தித்துறை வடை

வெட்டினது சரிதான் மச்சான், பிறகு ஆடினதில்தான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய். மூன்று காயோடு நிற்கிறவனுக்கு இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது, அவனோ உன்னிடம் நாலு வெட்ட வேண்டும். கணக்கு யார் பக்கம் என்று நீயே பார். பறக்கிறான் பறக்கிறான் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் பறந்தாலும் ஒரு முறைக்கு ஒரு காய்தானே நகரும்.

பழைய வாத்தியார்

தம்பி, அந்தப் பலகையில் c3-ஐ c4-க்கு நகர்த்திவிட்டு அவனுடைய காய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். a1-க்கு இரண்டே வாசல், ஒன்றில் உங்கள் a4, மற்றதில் அவனுடைய d1. g1-உம் அதே நிலைதான், ஒரு பக்கம் g4, மறுபக்கம் d1. நடுவில் நிற்கிற d1-க்கு மூன்று வாசல், இரண்டை அவனுடைய காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன, மூன்றாவதில் உங்கள் d2. மேலே c5 தனியாக நிற்கிறது, அதற்கு d5-இலும் c4-இலும் நீங்கள். நாலு காயும் அசைய இடமில்லை. நகர்த்த முடியாதவன் தோற்றவன். அதே முறையில் ஆட்டம் முடிந்திருக்கும், ஒரு காயும் வெட்டாமல்.

நீங்கள் செய்தது என்னவென்றால், பூட்டின் முக்கியமான காயை, அதாவது d2-ஐ, நீங்களே எடுத்துக்கொண்டு போய் மில் கட்டியிருக்கிறீர்கள். கட்டியதும் வெட்ட வேண்டும். a1, d1, g1 மூன்றும் மில்லில் நிற்கிறபடியால் அவற்றைத் தொட ஏலாது, மிஞ்சியது c5 மட்டும். அதை வெட்டியதும் அவனுக்கு மூன்று, அந்த மூன்றும் கட்டி முடிந்த மில், அதோடு பறக்கவும் அனுமதி. அவனுக்கு இதைவிட நல்ல மூன்று காய் கிடைக்காது.

அடுத்து அவன் d1-ஐத் தூக்கி d2-இல் வைத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

கோண்டாவில் பெடியன்

ஓம் ஐயா, அதேதான்! நான் மில்லைத் திறந்து மூடலாம் என்று c3-ஐ c4-க்கு எடுத்தேன், அவன் d2-ஐத் திரும்ப d1-இல் வைத்து d3-ஐ வெட்டிவிட்டான். பிறகும் அதையே செய்தான்.

பழைய வாத்தியார்

அதுதான் விஷயம். d1 காலியாகும்போது அதற்குள் நுழைய உங்களுக்கு வழியில்லை, ஏனென்றால் a1-உம் g1-உம் அவனுடையவை, d2-இலும் அவனே உட்கார்ந்துவிட்டான். உங்களுக்கு ஆறு காய் இருக்கிறபடியால் நீங்கள் பறந்து போய் வைக்கவும் முடியாது. அவன் மில்லைத் திறந்த அந்த ஒரு முறையில் நீங்கள் வேறொரு மில் கட்டினால் அவனுடைய மூன்றில் ஒன்றை வெட்டி வென்றிருக்கலாம். ஆனால் உங்கள் மில்லோ ஏற்கனவே கட்டினபடி நிற்கிறது. திறக்க ஒரு முறை, மூட ஒரு முறை. அவனுக்கு மூட மட்டும்தான் வேண்டும். அதனால் எப்போதும் நீங்கள் ஒரு முறை பின்னால். நீங்கள் மில்லைத் திறக்காமல் வேறு காயை நகர்த்தியிருந்தாலும் a4, g4, d5 இவற்றில் ஒன்று போயிருக்கும்.

வடை சொன்ன கணக்கு காயை எண்ணுகிற கணக்கு. இந்தக் கட்டத்தில் எண்ண வேண்டியது யாருக்கு எத்தனை முறை தேவை என்று.

சுன்னாகத்தான்

புலியை அடைக்கிறதைத்தானே கேட்கிறீர்கள்? ஆட்டை ஓரத்தில் குடுக்காமல் முதலில் நடுக்கோட்டில் நிரப்பிக்கொண்டு வந்தால் புலி பாய இடமே இருக்காது.

மானிப்பாய் மைனா

அண்ணை, இது ஆடுபுலி இல்லை. மேலே பலகையைப் பாருங்கள் :)

வாத்தியார் ஐயா, ஒன்று விளங்கவில்லை. c3-ஐ c4-க்கு எடுத்தால் a4, c4 இரண்டும் எங்களுடையது. b4-இலும் ஒரு காய் இருந்திருந்தால் பூட்டுகிற அதே நகர்த்தலில் மில்லும் விழுந்திருக்குமே, அப்போது?

பழைய வாத்தியார்

நல்ல கேள்வி மகள். அப்போது பூட்டு கெட்டுப்போகும். மில் விழுந்தால் வெட்ட வேண்டும், வெட்டக் கூடிய காய் c5 ஒன்றுதான், வெட்டினால் அவனுக்கு மூன்று, மூன்றுக்காரனைப் பூட்ட முடியாது, எந்த வெற்றிடத்துக்கும் பறப்பான். அதனால் நாலில் நிற்கிறவனைப் பூட்டப் போகிறபோது உங்கள் கடைசி நகர்த்தல் மில் கட்டாத நகர்த்தலாக இருக்க வேண்டும். கையில் இருக்கிற மில் சிலவேளை இடைஞ்சல்.

பருத்தித்துறை வடை

சரி, இந்தப் பலகையில் பூட்டு இருந்தது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதை வைத்து "நாலாவதை வெட்டாதே" என்று ஒரு சட்டமே போடாதீர்கள். இங்கே அவனுடைய காய்களில் மூன்று மூலையில், இருப்பது ஒரே ஒரு திறந்த வாசல். விளையாடத் தெரிந்தவன் அப்படி நிற்க மாட்டான். d6, f4 மாதிரி நடுச்சதுரத்தின் நடுப்புள்ளியில் நின்றால் ஒரு காய்க்கே நாலு வாசல், ஆறு காயை வைத்துக்கொண்டு எதை எதை அடைப்பது? அப்போது வெட்டாமல் என்ன செய்ய? என்னிடம் ஓடுகிற மில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். a7, g7, b6, f6 நாலிலும் காய், ஐந்தாவது d6-க்கும் d7-க்கும் இடையே போய் வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு மில், ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு. இதைப் பறந்து எப்படித் தடுப்பான்?

மானிப்பாய் மைனா

d7-இல் நீங்கள் வெட்டினவுடன் அவன் d6-இல் வந்து உட்காருவான். அவ்வளவுதானே?

பருத்தித்துறை வடை

...

d6-இல் உட்கார்ந்தால் நான் a7-ஐ a4-க்கு எடுத்துத் திரும்ப வருவேன்.

பழைய வாத்தியார்

மைனா சொன்னது சரி. நடக்கிறவனுக்கு ஓடுகிற மில் எமன், பறக்கிறவனுக்கு அது ஒரே ஒரு வெற்றிடம். அந்த இடத்தில் ஒரு காயை வைத்தால் ஓட்டம் நின்றுவிடும்.

ஆனால் வடையின் அடுத்த நகர்த்தலில் விஷயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். a7 போய் a4-இல் நின்று திரும்ப வரப் பார்க்கிறது, ஆகவே அவன் இன்னொரு காயை a7-இல் வைத்தே ஆக வேண்டும். இப்போது d6-இல் இருப்பதை எடுத்தால் ஒரு மில், a7-இல் இருப்பதை எடுத்தால் இன்னொரு மில். இரண்டு காயும் காவலுக்கு நின்றுவிட்டன, மூன்றாவது மட்டும் சும்மா பறந்து திரிகிறது. அந்த மூன்றாவதையும் ஒரு காவலுக்கு இழுத்துவிட்டு, எங்கேயும் கெடுக்காத ஒரு காயை நீங்கள் நகர்த்தினால், அவன் நகர்த்தியே ஆக வேண்டும், எதை எடுத்தாலும் ஒரு மில் விழும். இதற்கு ஐந்து காய் போதாது, ஐந்தும் ஏற்கனவே வேலையில் நிற்கின்றன. ஆறாவது, சிலவேளை ஏழாவதும் வேண்டும்.

அதைவிடச் சுலபம், வெட்டுவதற்கு முன்னாலேயே இரண்டாவது மிரட்டலை ஆயத்தமாக வைப்பது. அதே ஐந்தோடு a4-இலும் b2-இலும் காய் இருக்கிறது என்று வையுங்கள். d6-ஐ d7-க்கு எடுத்து நாலாவதை வெட்டுகிறீர்கள். அடுத்த முறை d6-இலும் மில் கட்டலாம், a4-ஐ b4-க்கு எடுத்து b6, b4, b2 என்றும் கட்டலாம். அவன் பறந்து போய் ஒன்றைத்தான் அடைப்பான். அவனுக்கே ஒரு நகர்த்தலில் மில் விழுகிற நிலை இல்லாவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. வெட்டுகிற கை நீளுவதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: வெட்டின பிறகு எனக்கு இரண்டு வெவ்வேறு வெற்றிடத்தில் மில் விழுமா, அவனுக்கு ஒன்றாவது விழுமா.

கரவெட்டி அக்கா

எங்கள் அம்மம்மா வீட்டில் இந்தப் பறக்கிற கதையே கிடையாது. விறாந்தைச் சீமெந்தில் கரிக்கட்டியால் கீறி விளையாடுவோம், மூன்று காய் ஆனாலும் கோட்டில்தான் போக வேண்டும். அதோடு ஒருத்தர் அடைபட்டால் தோற்றது என்று இல்லை, அவர் முறையை விட்டுவிட்டு மற்றவர் ஆடுவார், வாசல் திறக்கும் வரைக்கும். இங்கே நீங்கள் சொல்கிற பூட்டெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது.

பருத்தித்துறை வடை

பார்த்தீர்களா! அக்கா வீட்டுச் சட்டத்தில் நான் சொன்னதுதான் சரி. பறக்காவிட்டால் கண்ட இடத்தில் வெட்டலாம்.

பழைய வாத்தியார்

அக்கா வீட்டுச் சட்டத்தில் ஓம், வெட்டுவதே மேல். பூட்டினாலும் பயனில்லை, பறக்கிற பயமும் இல்லை. தம்பியும் மச்சானும் பறக்கிற சட்டத்தில் ஆடியிருக்கிறார்கள், அதற்குத்தான் பதில் சொன்னேன்.

கரவெட்டி அக்கா

பறக்க விட்டால் தோற்கப் போகிறவனுக்குப் பரிசு குடுக்கிற மாதிரி இருக்கிறதே. என்ன நியாயம் அது?

மானிப்பாய் மைனா

அது இல்லாவிட்டால் கடைசிக் கட்டம் வெறும் துரத்தல் அக்கா. பறக்கிற சட்டம் வந்தபடியால்தான் நாலாவது காயைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம்.

கோண்டாவில் பெடியன்

மச்சானிடம் இதைக் காட்டினேன், அவன் சொல்கிறான் முதலில் காய் வைக்கிறவன்தான் எப்படியும் வெல்வானாம், அவன்தான் முதலில் வைத்தானாம்.

பழைய வாத்தியார்

அது இல்லை. 1993-இல் ரால்ஃப் காசர் என்பவர் கம்ப்யூட்டரில் இந்த ஆட்டத்தை முழுதாகத் தீர்த்துப் பார்த்தார், இரண்டு பேரும் பிழை விடாமல் ஆடினால் சமநிலை. மச்சானுக்கு முதலில் வைத்ததால் வெற்றி வரவில்லை, d2 காலியானதால் வந்தது.

பருத்தித்துறை வடை

ஒரு கடைசிக் கேள்வி. மில் கட்டிவிட்டு "நான் வெட்டவில்லை" என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் d2-ஐ d3-க்கு எடுத்துவிட்டு வெட்டாமலே விட்டிருக்கலாமே.

மானிப்பாய் மைனா

விட்டாலும் d2 திறந்துதானே கிடக்கிறது, d1 இறங்கிவிடும். அதோடு ஆப்பில் அப்படி விடாது, ஒரு காயைத் தொடும் வரைக்கும் காத்துக்கொண்டே நிற்கும்.

கரவெட்டி அக்கா

எங்கள் வீட்டில் விடலாம்.

பழைய வாத்தியார்

நான் ஆடின இடங்களில் வெட்டியே ஆக வேண்டும். காய் வைக்க முன்னமே இதைப் பேசிக்கொள்ளுங்கள், பாதியில் பேசினால் சோகி பறக்கும்.