லீவு விண்ணப்பத்தில் பெயர் போடாமல் விட்ட வேலை

பரந்தன் வாசி எழுதியது:

கிளிநொச்சியில் ஐந்து பேர் மட்டும் வேலை செய்கின்ற ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் டெவலப்பராக இருக்கிறேன். நெல் கொள்வனவு செய்யும் ஆலைகளுக்கான நிறுவை மற்றும் கணக்கு மென்பொருள்தான் எங்கள் முதன்மையான வேலை. கடந்த மாசியில் அப்பாவின் வயல் அரிவி வெட்டுக்காக நான்கு நாள் லீவு கேட்டேன். ஆலைகளுக்கு நெல் வந்து குவிகிற காலமும், அந்த நெல்லை வெட்டுவதற்கு நான் வீட்டில் நிற்க வேண்டிய காலமும் ஒன்றே என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு அந்த லீவு எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் நான் எழுதியது ஒரே வரி: "எனது வேலைகளைச் சக ஊழியர் பார்த்துக்கொள்வார்." பொறுப்பாளர் அதைத் திருப்பி அனுப்பி, எந்த வேலையை யார், எந்த நிலையிலிருந்து பார்ப்பார் என்று கேட்டார். அதன் பிறகு நான் எழுதிய விண்ணப்பத்தின் நடுப்பகுதி இது:

"ஈரப்பதக் கழிவுக் கணக்கிலிருந்த பிழை திருத்தப்பட்டுவிட்டது, ரிவியூவும் வெளியீடும் மட்டுமே மீதம், அவற்றை மூத்த டெவலப்பர் செய்வார். விவசாயிக்கான பணப்பட்டுவாடாத் திரை பாதியில் நிற்கிறது. நான் திரும்பும்வரை அதை எவரும் தொடர வேண்டியதில்லை. இரவு டேட்டாபேஸ் பிரதி எடுக்கப்பட்டதா என்பதைப் புதிய தம்பி ஒவ்வொரு காலையும் பார்ப்பார். ஆலைகளிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைச் சோதனைப் பிரிவுத் தங்கை ஏற்பார். இவர்கள் மூவரிடமும் கேட்டு ஒப்புதல் பெற்றுள்ளேன்."

அனுமதி உடனே கிடைத்தது. நானும் நல்லதொரு விண்ணப்பம் எழுதிவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

மூன்றாம் நாள், பெப்ரவரி 25 காலை, இரணைமடு வாய்க்கால் பக்கத்து வயலில் வெட்டு இயந்திரத்தின் பின்னால் நின்றபோது தங்கை அழைத்தார். எந்த ஆலையிலும் மென்பொருள் திறக்கவில்லை, உலாவியில் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று காட்டுகிறது என்றார். எங்கள் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அன்று காலாவதியாகியிருந்தது. 90 நாளுக்கு ஒருமுறை அதைக் கையால் புதுப்பிப்பவன் நான். அந்த வேலைக்கு டிக்கெட் இல்லை. எனவே என் பெயரில் ஒதுக்கப்பட்ட வேலைகளைப் பார்த்து எழுதிய பட்டியலில் அது வரவும் இல்லை.

புதுப்பிப்பதற்கு நுழைய வேண்டிய, டொமைன் பதிவுகளை மாற்றும் கணக்கின் இரண்டாம் கட்டக் குறியீடு என் கைத்தொலைபேசியில் மட்டுமே தோன்றும். அது 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். வயலுக்குள் அலைவரிசை விட்டு விட்டு வந்ததால் வாய்க்கால் கட்டில் ஏறி நின்று ஆறு இலக்கங்களைச் சத்தமிட்டு வாசித்தேன். மூன்றாவது முறைதான் மூத்தவரால் உள்ளே போக முடிந்தது. அதுவரை ஆலைகளில் நிறுவைகளைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றைப் பதிந்து முடிக்க மறுநாள் மாலையாயிற்று.

இவ்வாறான விண்ணப்பம் எழுதியவர்களும் அதற்கு ஒப்பமிட்டவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாங்குளத்தான் எழுதியது:

நண்பரே, இதில் விண்ணப்பத்தின் குறை எதுவும் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்றால் `certbot` என்ற நிரல் தானாகவே நாளுக்கு இருமுறை சரிபார்த்து, முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பித்துவிடும். அதற்கு ஓர் ஆளின் பெயரை விண்ணப்பத்தில் எழுதுவது, சூரியன் உதிப்பதற்குப் பொறுப்பாளர் நியமிப்பது போன்றது. உங்கள் சேர்வரை அமைத்தவர்தான் தவறு செய்திருக்கிறார்.

பரந்தன் வாசி எழுதியது:

சேர்வரை அமைத்தவனும் நான்தான். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு துணை முகவரி இருப்பதால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சான்றிதழ் எடுத்திருந்தோம். அவ்வகைச் சான்றிதழுக்கு டொமைன் பதிவில் `_acme-challenge` என்ற பெயரில் ஒரு TXT வரியைச் சேர்த்துக் காட்ட வேண்டும். நான் அதை `--manual` முறையில் கையால் செய்து வந்தேன்; அப்படிச் செய்தது தானாகப் புதுப்பிக்கப்படாது. முன்பெல்லாம் காலாவதி நெருங்கும்போது லெட்ஸ் என்கிரிப்டிடமிருந்து மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் பின்பு என் நினைவு ஒன்றே எச்சரிக்கையாக இருந்தது. அந்த நினைவும் என்னுடன் லீவில் போய்விட்டது.

வவுனியா அக்கா எழுதியது:

பதினைந்து பேரின் லீவு விண்ணப்பங்களுக்கு நான் ஒப்பமிடுகிறேன். நானும் டெவலப்பராக இருந்தவள்தான். தம்பி, உங்கள் விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பணப்பட்டுவாடாத் திரையை எவரும் தொடர வேண்டியதில்லை என்ற வரி. பெரும்பாலானோர் பாதி முடிந்த வேலைக்கும் ஒரு பெயரை எழுதிவிடுகிறார்கள். பெயர் எழுதப்பட்டவர் இரண்டு நாள் அந்தக் குறியீட்டை வாசித்துப் புரிந்துகொள்ளும்போது உரியவர் திரும்பி வந்துவிடுகிறார். இடையில் இருவரும் ஒரே கோப்பை மாற்றியிருந்தால் அதைப் பிரித்தெடுக்க இன்னொரு நாள் போகிறது. நான்கைந்து நாள் லீவுக்கு, நிறுத்தி வைப்பதே பல வேலைகளுக்குச் சரியான ஏற்பாடு.

ஆனால் ஈரப்பதப் பிழையைப் பற்றிய வரியில் எனக்கு ஐயம் உண்டு. அந்த ரிவியூவில் மூத்தவர் ஒரு சிறு மாற்றம் வேண்டும் என்று கண்டால் யார் அதைச் செய்வது? அவரே தனியாக ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்தால், கிட்ஹப் அதைத் திறந்தவரையே அதற்கு ஒப்புதல் கொடுக்க விடாது. ஓர் ஒப்புதலாவது வேண்டும் என்று பிரதான பிராஞ்சைப் பூட்டி வைத்திருக்கும் இடத்தில், ரிவியூ செய்யக்கூடியவர்கள் இருவரே இருந்து ஒருவர் லீவில் போனால், மற்றவருடைய வேலையும் அங்கேயே நின்றுவிடும். எங்களிடம் ஒருமுறை அப்படி மூன்று நாள் நின்றது. லீவில் போனவரின் வேலைகளுக்கு எல்லாம் ஆள் போட்டிருந்தோம். அவர் மற்றவர்களுக்குச் செய்துவந்த வேலைக்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் நிர்வாகி பூட்டைத் திறந்துவிட்டார். அந்த அவசரத்தில் பார்க்கப்படாத ஒரு மாற்றமும் உள்ளே போனது.

அதனால் இப்போது நான் டிக்கெட் பட்டியலைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில், லீவு கேட்பவரை அருகில் அமர்த்தி, அவருடைய நாட்காட்டியில் கடந்த மூன்று மாதமும், சேர்வரில் அவர் பெயரில் இருக்கும் `crontab -l` வரிகளும், அவருக்கு மட்டும் வரும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் எவை என்று பார்ப்போம். உங்கள் சான்றிதழ் அங்கே அகப்பட்டிருக்கும். லீவு நாட்களுக்குள் ஏதாவது காலாவதியாகுமா என்பதை இந்த ஒரு கட்டளையிலேயே அறியலாம். முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
echo | openssl s_client -connect example.com:443 -servername example.com 2>/dev/null | openssl x509 -noout -enddate
```

`notAfter` என்று வரும் நாள் லீவுக்குள் விழுந்தால், போவதற்கு முன்பே புதுப்பித்துவிட்டுப் போகலாம். அதற்குப் பொறுப்பாள் தேடவே வேண்டியதில்லை.

மாங்குளத்தானுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும், வலைச் சேர்வரை மறுபடி ஏற்றாவிட்டால் அது பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பு புதியது, உலாவியில் தெரிவது பழையது என்ற நிலையில் நானும் ஒரு முறை அகப்பட்டிருக்கிறேன்.

மாங்குளத்தான் எழுதியது:

மறுபடி ஏற்றுவதை மறந்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், கையால் செய்ய வேண்டிய வேலையை விண்ணப்பத்தில் ஒருவர் தலையில் எழுதுவதைவிட அந்த வேலையையே இல்லாமற் செய்வதுதான் சரி என்ற கருத்தில் மாற்றமில்லை.

ஒட்டுசுட்டான் உத்தியோகத்தர் எழுதியது:

டெவலப்பர் என்றதும் எங்களைப் போன்ற அபிவிருத்தி உத்தியோகத்தரைக் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினேன்; நடுவில்தான் விடயம் வேறு என்று விளங்கிற்று. ஆயினும் என் அனுபவமும் பொருந்தும் என எண்ணுகிறேன். எங்கள் லீவுப் படிவத்தில் பதில் கடமை பார்ப்பவர் ஒப்பமிட ஓர் இடம் உண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்காக நான் லீவு போட்டபோது, பக்கத்து மேசை உத்தியோகத்தர் வாசித்தும் பாராமல் ஒப்பமிட்டுத் தந்தார். பொங்கலன்று கோயில் வீதியில் எனக்கு முன்னால் கற்பூரச் சட்டியுடன் நின்றவர் அவரேதான். தன்னுடைய படிவத்தில் பதில் கடமைக்கு என் பெயரை எழுதியிருந்தாராம். இருவர் படிவத்திலும் ஒப்பம் முறையாக இருந்ததால் எவரும் கேள்வி கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்த மக்கள்தான் திரும்பிப் போனார்கள்.

நெடுங்கேணி எழுதியது:

எனக்கு நேர்ந்தது வேறு. நான் எல்லாவற்றையும் விவரமாக எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில், என் இடத்தில் சேர்வரைப் பார்க்கவிருந்தவருக்கான கடவுச்சொல்லையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டேன். அது பொறுப்பாளருக்கும், மனிதவளப் பிரிவுக்கும், கணக்காளருக்கும் போய், அச்சிடப்பட்டு என் கோப்பிலும் ஏறியது. லீவில் முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, அந்தக் கடவுச்சொல்லை வீட்டிலிருந்து மாற்றுவதுதான்.

வவுனியா அக்கா எழுதியது:

யாருக்கு எந்த அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது என்பதை மட்டும் விண்ணப்பத்தில் எழுதலாம். திறப்பு வேறு வழியாகப் போக வேண்டும். அனுமதி உண்மையில் வேலை செய்கிறதா என்பதை, பொறுப்பேற்பவர் லீவுக்கு முதல் நாள் தானே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பரந்தன் தம்பி, டேட்டாபேஸ் பிரதியைப் பார்த்த புதிய தம்பி என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லையே?

பரந்தன் வாசி எழுதியது:

நான்கு நாளும் காலையில் பார்த்து, "கோப்பு இருக்கிறது" என்று குழுவில் எழுதியிருந்தார். நான் திரும்பி வந்து பார்த்தபோது செவ்வாய் இரவின் கோப்பு 0 பைட். வட்டு நிரம்பியிருந்தது, அடுத்த நாள் பழைய கோப்புகள் நீங்கியதும் தானாகச் சரியாகிவிட்டது. பிழை அவருடையதன்று. பிரதி எடுக்கப்பட்டதா என்று பார்க்கச் சொன்னேன், அளவைப் பார்க்கச் சொல்லவில்லை. வழக்கமாக அது ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மழை தூறி வயல் ஈரமானதால் வெட்டு இயந்திரம் ஒரு நாள் பிந்தியது. என் லீவும் ஒரு நாள் நீண்டது. மூத்தவர் வியாழன் வரைதான் ஒப்புக்கொண்டிருந்தார்; வெள்ளியன்று அவர் கொழும்பில். அரிவி வெட்டு லீவுக்கு முடிவு நாளை உறுதியாக எழுத இயலாது என்பதை நான் எங்கே, எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று இன்னமும் தெரியவில்லை.

நெடுங்கேணி எழுதியது:

அவசரம் என்றால் அழைக்கலாம் என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாதா?

வவுனியா அக்கா எழுதியது:

நான் அந்த வரியை வெட்டிவிடுவேன். அது இருந்தால், பெயர் எழுதப்பட்ட எவரும் தாமாக முடிவெடுக்க மாட்டார்கள். முதல் சந்தேகத்துக்கே அழைப்பார்கள்.

மாங்குளத்தான் எழுதியது:

ஐந்து பேர் உள்ள இடத்தில் அப்படி வெட்ட முடியாது, அக்கா. அன்று அவர் தொலைபேசியை எடுக்காதிருந்தால் ஆலைகள் எத்தனை நாள் கொப்பியில் எழுதியிருக்கும்?

பரந்தன் வாசி எழுதியது:

இருவர் சொல்வதிலும் எனக்கு அன்றைய வாய்க்கால் கட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. டொமைன் நிறுவனத்திடம் தானியங்கி வழி இல்லாததால் சான்றிதழ் இன்னமும் கைவேலையாகவே இருக்கிறது. மூத்தவருக்கும் அந்தக் கணக்கில் தனி அனுமதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெப்ரவரி 25இல் புதுப்பித்தது மே 26இல் முடிகிறது. அது வைகாசி. வற்றாப்பளைக்கு நடந்து போகவென்று தங்கையும் மூத்தவரும் லீவு விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். இருவருடைய பட்டியலிலும் என் பெயர் இருக்கிறது.