தடுப்பு மருந்து கொடுத்தும் வெள்ளைக்கழிச்சலில் கோழிகள் செத்தது ஏன்?

செவலைச்சேவல்: வீட்டுக்குப் பின்னால் கிடந்த சிறு இடத்தில் முப்பது நாட்டுக்கோழிகள் வளர்த்தேன். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிப் பாதிக்கு மேல் செத்துவிட்டன. தடுப்பு மருந்து வீண் செலவுதானா?

மஞ்சள்கொத்து: வீண்தான். சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்து உருண்டையாகக் கொடுங்கள். எங்கள் கோழிகள் இதில்தான் நிற்கின்றன.

ஓய்வுபெற்றவன்: அந்த உருண்டையால் தீனி எடுக்காத கோழி கொஞ்சம் தேறலாம். வெள்ளைக்கழிச்சல் வைரஸை அது தடுக்காது. தம்பி, கலந்தது குழாய்த் தண்ணீரா? லசோட்டா உயிருள்ள மருந்து. குளோரின் பட்டால் செத்துவிடும். வீட்டுக்கு வரும்வரை ஐஸில் இருக்க வேண்டும், கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முப்பது கோழிகளுக்குத் தண்ணீரே வேண்டாம். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் இன்னொரு சொட்டு. சொட்டு உள்ளே போய்க் கோழி கண்ணைச் சிமிட்டும்வரை கையிலேயே வைத்திருங்கள். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் தோலில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி 0.5 மி.லி., அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். உங்கள் கோழிகளுக்கு அந்த ஊசி போட்டீர்களா?

செவலைச்சேவல்: இல்லை ஐயா. தண்ணீரில் கொடுத்த மருந்தே போதும் என்று நினைத்தேன். குழாய்த் தண்ணீர்தான்.

கரையான்புற்று: தீவனம்தான் குறை. நான் கரையானும் அசோலாவும் போடுகிறேன், முட்டை நன்றாக வருகிறது.

ஓய்வுபெற்றவன்: முட்டைக்கு அது நல்லது. இங்கே கேள்வி வேறு.

சந்தைக்கூடை: நான் வாராவாரம் சந்தையில் விற்பவள். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். விலை படியாத கோழியைத் திரும்பக் கொண்டுவந்து அதே கூண்டில் விட்டீர்களா?

செவலைச்சேவல்: ஆமாம் அக்கா, இரண்டு சேவல்கள். ஒரு வாரத்தில் முதல் கோழி சுருண்டது.

சந்தைக்கூடை: அங்கேதான் ஒட்டியிருக்கும். பல ஊர்க் கோழிகளும் ஒரே கூடையில் மூச்சு விடுகிற இடம் அது. திரும்பி வந்ததையும் புதிதாக வாங்கியதையும் மூன்று வாரம் தனியே அடையுங்கள். அவற்றுக்குத் தீனி வைத்த பிறகு, கைகால் கழுவாமல் மற்றவற்றிடம் போகாதீர்கள். என்னைக் கேட்டால், வாங்குபவரை வீட்டுக்கு வரச் சொல்லி வாசலிலேயே எடைபோட்டுக் கொடுப்பது மேல்.

மஞ்சள்கொத்து: மிச்சம் இருப்பவற்றை உடனே விற்றுவிட்டால் போட்ட பணமாவது மிஞ்சும்.

சந்தைக்கூடை: அப்படி விற்ற கோழிதான் எங்கள் கூடைக்கு நோயைக் கொண்டுவருகிறது! செத்தவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கட்டும். மிச்சம் கூண்டைவிட்டு நகரக் கூடாது.

மஞ்சள்கொத்து: சரி, விற்க வேண்டாம். ஆனால் பிழைத்த பெட்டைகளை அடைக்கு வைக்கலாம். தாயின் எதிர்ப்பு குஞ்சுக்கும் வரும்.

ஓய்வுபெற்றவன்: வரும், சில வாரங்களுக்கு மட்டும். அதற்குள் போடும் சொட்டு மருந்தின் வேலையையும் அது குறைத்துவிடும். பிழைத்த கோழியின் எச்சத்தில் கிருமி சில காலம் இருக்கும், அதனால் இப்போதைக்குக் குஞ்சு வேண்டாம் என்பேன்.

மஞ்சள்கொத்து: பிழைத்த கோழியை வைத்துத்தான் நாங்கள் இனம் பெருக்கினோம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செவலைச்சேவல்: ஐயா, மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கு மேல்தான் கிடைக்கிறது. முப்பதுக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்றவன்: பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் அன்றே போட்டுவிடுங்கள். கூண்டுக்குள் இருக்கும்போது பிடிப்பது எளிது. பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.